நைட்ரஜன் மேடா, ஆக்சிஜன் பள்ளமா? இரண்டாம் வரிசையின் அயனியாக்கும் ஆற்றல் பற்றி ஒரு சந்தேகம்

வரைதாள் | 4 ஜனவரி, இரவு 9.10

பதினோரு வருஷமாக வகுப்பில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறேன். "நைட்ரஜனில் 2p சரிபாதி நிரம்பியிருக்கிறது, அதனால் நிலைப்புத்தன்மை அதிகம், அதனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் ஆக்சிஜனைவிட அதிகம்." இன்றைக்கு அந்த வாக்கியத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், நைட்ரஜன் உயர்ந்திருக்கா, இல்ல ஆக்சிஜன் தாழ்ந்திருக்கா? எது விதி, எது விலக்கு?" பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். கிலோஜூல்/மோல் கணக்கில்: லித்தியம் 520, பெரிலியம் 900, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081.

பிறகு அடிக்கோலை எடுத்து வைத்தேன். போரான், கார்பன், நைட்ரஜன் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருகின்றன, கோடு லேசாக மேல்நோக்கி வளைகிறது. ஆக்சிஜன், ஃபுளூரின், நியான் மூன்றும் இன்னொரு கோட்டில். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வு, ஆனால் இரண்டாவது கோடு முழுக்கக் கீழே இறங்கிக் கிடக்கிறது.

நைட்ரஜன் மட்டும்தான் தனிச்சிறப்புள்ளது என்றால், அந்த ஒரு புள்ளியை விரலால் மறைத்துவிட்டால் மற்ற ஐந்தும் ஒரே ஓட்டமாகச் சேர வேண்டும். சேரவில்லை. கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்கு இரண்டு படி தாண்டியும் 228தான் ஏறுகிறது, அடுத்த ஒரே படியில் 367 ஏறுகிறது. நைட்ரஜனை மறைத்தாலும் முறிவு அங்கேயே இருக்கிறது.

என் கருத்து: நைட்ரஜன் மேடு அல்ல. ஆக்சிஜனிலிருந்து எல்லாமே கீழே விழுந்திருக்கிறது. ஏன்?

முதல்பெஞ்ச் | 4 ஜனவரி, இரவு 9.52

ரொம்ப யோசிக்க வேண்டாம் டீச்சர். 2p-ல மூணு ஆர்பிட்டால். ஆக்சிஜனோட நாலாவது எலக்ட்ரானுக்குத் தனி இடம் இல்ல, ஏற்கெனவே ஒண்ணு இருக்கிற இடத்துல போய் ஜோடி சேரணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு விலக்கும், அதனால ஈஸியா வெளிய வரும். போரான் கதையும் அதே மாதிரிதான். பெரிலியத்துல 2s முழுசா நிரம்பிடுச்சு, நிரம்பினது நிலையானது, அதனால பெரிலியம் உசந்து நிக்குது.

வரைதாள் | 4 ஜனவரி, இரவு 10.30

முதல் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதை அடிக்கோலால் சோதிக்க முடியும். ஜோடி விலக்கம்தான் காரணம் என்றால், ஃபுளூரினிலும் நியானிலும் வெளியேறுவது ஜோடியிலுள்ள எலக்ட்ரான்தானே? அப்போது அந்த விலக்கத்தின் பலன் மூன்றுக்கும் கிடைக்க வேண்டும், மூன்றும் ஒரே அளவு இறங்க வேண்டும். இறங்கியிருக்கின்றன. சரிபாதி விளக்கத்தில் ஃபுளூரின் ஏன் தாழ்ந்திருக்கிறது என்பதற்குப் பதிலே இல்லை.

இறக்கம் எவ்வளவு என்றும் பார்த்தேன். போரானிலிருந்து கார்பனுக்கு 285, கார்பனிலிருந்து நைட்ரஜனுக்கு 316. இதே போக்கில் அடுத்த படி 345 போல இருந்தால் ஆக்சிஜன் 1747 வாக்கில் வந்திருக்கும். வந்தது 1314. ஆக உண்மையான இறக்கம் சுமார் 430. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே நாம் சொல்லிக்கொடுக்கும் 88 இந்த 430-இன் மிச்சம் மட்டுமே. அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியதால் ஏறியிருக்க வேண்டியதுதான் மீதியைச் சரிக்கட்டிவிட்டது.

போரான் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். "நிரம்பியது நிலையானது" என்பது நான் கைவிட நினைக்கும் அதே வாக்கியம்.

நிறமாலை | 5 ஜனவரி, காலை 6.15

நாற்பது வருடம் நிறமாலைமானியோடு பழகியவன் என்பதால் போரானைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

போரானில் வெளியேறும் எலக்ட்ரான் பெரிலியத்தில் வெளியேறிய எலக்ட்ரான் அல்ல. நீங்கள் வரைந்த கோட்டில் இரண்டு வேறு ஆட்களின் உயரத்தை ஒரே ஆளின் வளர்ச்சியாக இணைத்துவிட்டீர்கள். ஒளியெலக்ட்ரான் அளவீட்டில் போரானின் 2s எலக்ட்ரானைத் தனியாகப் பிடுங்க முடியும், அதற்குச் சுமார் 1360 கிலோஜூல் தேவை. பெரிலியத்தின் 2s-க்கு 900. அதாவது 2s-ஐ மட்டும் பின்தொடர்ந்தால் 520, 900, 1360 என்று ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் சரிவே கிடையாது. 801 என்பது 2p என்ற புதிய வரிசையின் முதல் புள்ளி.

2p ஏன் தளர்வாக இருக்கிறது? லித்தியம் உப்பைச் சுடரில் காட்டியவர்களுக்கு அந்தக் கருஞ்சிவப்பு நினைவிருக்கும். 671 நானோமீட்டர். லித்தியத்தின் வெளி எலக்ட்ரான் சுடரின் சூட்டில் 2p-க்கு ஏறி, மறுபடி 2s-க்கு இறங்கும்போது வரும் ஒளி அது. மோலுக்கு மாற்றினால் 178 கிலோஜூல். லித்தியத்தின் 2s எலக்ட்ரானைப் பிடுங்க 520 வேண்டும், அதே எலக்ட்ரான் 2p-இல் இருந்தால் 342 போதும். அந்தச் சிவப்புதான் போரான் சரிவின் நிறம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ஒற்றை எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனில் 2s-ம் 2p-ம் ஏறத்தாழ ஒரே ஆற்றலில்தான் இருக்கின்றன. உள்ளே 1s ஜோடி வந்ததும் நிலைமை மாறுகிறது. 2s எலக்ட்ரான் அவ்வப்போது அந்த உட்கூட்டைத் துளைத்துக்கொண்டு அணுக்கருவின் பக்கத்திலேயே போய்விடுகிறது, அப்போது முழு மின்சுமையையும் உணர்கிறது. 2p அணுக்கருவுக்கு மிக அருகில் போவதே அரிது, அதனால் எப்போதும் திரைக்கு வெளியே நிற்கிறது. போரானில் 2s ஜோடியும் சேர்ந்து அந்தத் திரையைக் கொஞ்சம் தடிப்பாக்குகிறது. பெரிலியத்தின் 2s நிரம்பியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஒன்றே ஒன்று: அங்கே இடம் தீர்ந்துவிட்டது, ஐந்தாவது எலக்ட்ரான் வேறு வழியில்லாமல் 2p-க்குப் போகிறது.

கூட்டல்கழித்தல் | 5 ஜனவரி, மதியம் 1.20

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆக்சிஜன் எலக்ட்ரான்களை இழுக்கும் தனிமம், எலக்ட்ரான் கவர்தன்மை 3.44. நைட்ரஜனுக்கு 3.04தான். இழுக்கிறவன் எப்படிச் சுலபமாக இழப்பான்? உங்கள் புள்ளிகளில் ஏதோ இடம் மாறிப்போயிருக்கிறது. என் மகனுக்குப் பாடம் சொல்லும்போதும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

வரைதாள் | 5 ஜனவரி, மாலை 6.40

புள்ளிகள் சரிதான், நீங்கள் கேட்பது வேறு அளவு. கவர்தன்மை என்பது பிணைப்பில் இருக்கும் அணு பற்றியது. இங்கே பேசுவது வெறும் வாயு நிலையில் தனியாக நிற்கும் ஓர் அணு தன் முதல் எலக்ட்ரானை விடுவது பற்றி.

ஆனாலும் உங்கள் கேள்வியை ஒதுக்க மனமில்லை. முல்லிகன் முறையில் கவர்தன்மை என்பது அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம் இரண்டின் சராசரி. எலக்ட்ரான் வோல்ட்டில் நைட்ரஜனுக்கு 14.53, நாட்டம் ஏறக்குறைய பூஜ்யம், சராசரி 7.3 போல. ஆக்சிஜனுக்கு 13.62-ம் 1.46-ம், சராசரி 7.54. விடுவதில் ஆக்சிஜன் கொஞ்சம் தாராளம், ஆனால் வாங்குவதில் நைட்ரஜன் கதவையே திறப்பதில்லை. நைட்ரஜனுக்குப் புதிதாக வரும் எலக்ட்ரானும் ஜோடி சேர வேண்டியதுதானே? அதே காரணம் அங்கே மறுபக்கமாக வேலை செய்கிறது. உங்கள் மகனிடம் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

வரைதாள் | 6 ஜனவரி, இரவு 8.05

இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல்களையும் அதே தாளில் போட்டேன். நம் விளக்கம் சரியென்றால் சரிவுகள் ஒரு தனிமம் வலப்பக்கம் தள்ளிப் போக வேண்டும், ஏனென்றால் C⁺ பார்க்க போரான் மாதிரி, F⁺ ஆக்சிஜன் மாதிரி.

போரான் 2427, கார்பன் 2353, நைட்ரஜன் 2856, ஆக்சிஜன் 3388, ஃபுளூரின் 3374, நியான் 3952.

அப்படியே தள்ளிப்போயிருக்கிறது! சரிவு இப்போது கார்பனிலும் ஃபுளூரினிலும். இந்த முறை ஆக்சிஜன் உச்சியில் நிற்கிறது. ஆகவே ஆக்சிஜன் என்ற தனிமத்துக்கோ நைட்ரஜன் என்ற தனிமத்துக்கோ ஒன்றும் இல்லை, எத்தனையாவது எலக்ட்ரான் என்பதுதான் கணக்கு.

ஒன்று இடிக்கிறது. ஆக்சிஜனிலிருந்து ஃபுளூரினுக்குச் சரிவு வெறும் 14. முதல் அயனியாக்கத்தில் 88 இருந்தது. அயனியில் ஜோடி விலக்கம் பலவீனமாகிவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரைதாள் | 6 ஜனவரி, இரவு 11.20

மேலே கடைசியில் எழுதியது தவறு. படுக்கப் போனவள் எழுந்து வந்து எழுதுகிறேன்.

முந்தாநாள் நானே சொன்னதை மறந்துவிட்டேன்: பார்க்க வேண்டியது சரிவை அல்ல, கோட்டின் இறக்கத்தை. C⁺, N⁺, O⁺ மூன்றும் முதல் கோடு, படிகள் 503, 532. அடுத்த படி 560 என்று வைத்தால் F⁺ 3948-இல் இருந்திருக்க வேண்டும். இருப்பது 3374. இறக்கம் சுமார் 575. முதல் அயனியாக்கத்தில் 430 என்றிருந்தது. விளைவு குறையவில்லை, கூடியிருக்கிறது! அயனி சுருங்கிவிட்டதால் எலக்ட்ரான்கள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் புரோட்டான் ஒன்று கூடும்போது ஏறும் படியும் பெரிதாகிவிட்டது, அது இறக்கத்தை ஏறக்குறைய விழுங்கிவிட, கண்ணுக்கு 14 மட்டும் தெரிகிறது.

சரிவின் ஆழத்தை மட்டும் பார்த்து விளைவின் அளவைச் சொன்னால் இப்படித்தான் தலைகீழாகப் போகும்.

நிறமாலை | 7 ஜனவரி, காலை 6.30

இரவு 11.20 குறிப்பைப் படித்து மகிழ்ந்தேன். அந்த 430 எங்கிருந்து வருகிறது என்று இப்போது சொல்லலாம். முதல்பெஞ்ச் தம்பி சொன்ன ஜோடி விலக்கம் அதில் சிறிய பங்குதான்.

ஒரே திசையில் சுழலும் இரண்டு எலக்ட்ரான்கள் இயல்பாகவே ஒன்றுக்கொன்று விலகி நடக்கின்றன, ஒரே இடத்துக்கு வருவதில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு இணைக்கும் ஆற்றல் ஓர் அலகு குறைகிறது. இதைத்தான் பரிமாற்ற ஆற்றல் என்கிறோம். 2p-இல் நான்காவது ஆர்பிட்டால் ஒன்று இருந்திருந்தால், ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான் மற்ற மூன்றோடும் ஒரே திசையில் நின்று மூன்று அலகு சம்பாதித்திருக்கும். இடம் இல்லை, திசையைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தது, ஓர் அலகும் கிடைக்கவில்லை. இழப்பு மூன்று. ஃபுளூரினைப் பாருங்கள். ஐந்தாவது எலக்ட்ரானுக்கு நான்கு அலகு கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தது ஒன்று. இழப்பு மூன்று. நியானில் ஐந்து வர வேண்டிய இடத்தில் இரண்டு. அங்கும் மூன்று. டீச்சரின் இரண்டாவது கோடு ஏன் அதே சாய்வோடு கீழே கிடக்கிறது என்பதற்கு இதுதான் விடை. இதோடு ஒரே ஆர்பிட்டாலில் குடியிருப்பதற்கான கூடுதல் விலக்கம், எளிய கணக்கில் இரண்டு அலகு. மொத்தம் ஐந்து.

அலகின் மதிப்பு? அதையும் ஒளியிலிருந்தே எடுக்கலாம். துருவ ஒளியில் 200 கிலோமீட்டருக்கு மேலே தெரியும் சிவப்பு, 630 நானோமீட்டர், ஆக்சிஜன் அணுவினுடையது. தனித்து நிற்கும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசை என்ற ஒழுங்கை இழந்த நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது வருவது. அந்தத் திரும்பல் மிக மெதுவானது, சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கீழே காற்று அடர்ந்த இடத்தில் அதற்குள் வேறு மூலக்கூறு மோதி ஆற்றலைப் பறித்துவிடும், அதனால்தான் அந்தச் சிவப்பு உயரத்தில் மட்டும். இடைவெளி 1.97 எலக்ட்ரான் வோல்ட், அது இரண்டு அலகு. ஆக ஓர் அலகு 0.98. நைட்ரஜனில் இதே மாதிரி இடைவெளி 2.38, அது மூன்று அலகு, ஒன்றுக்கு 0.79.

ஐந்தால் பெருக்கினால் நைட்ரஜன் அலகில் 4.0, ஆக்சிஜன் அலகில் 4.9 எலக்ட்ரான் வோல்ட். அடிக்கோல் சொன்ன 430 கிலோஜூலை மாற்றினால் 4.5. நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதல்பெஞ்ச் | 7 ஜனவரி, மாலை 5.10

அப்போ நான் சொன்னது அஞ்சுல ரெண்டு பங்கு சரி. ஏத்துக்கறேன் சார். ஆனா அப்படிப் பார்த்தா "சரிபாதி" விளக்கமும் முழுத் தப்பு இல்லையே? நைட்ரஜன்ல ஒரு எலக்ட்ரான் போனா ரெண்டு அலகு நஷ்டம், ஆக்சிஜன்ல போனா நஷ்டமே இல்ல.

வரைதாள் | 7 ஜனவரி, இரவு 9.00

நல்ல இடத்தைப் பிடித்தாய். முழுத் தப்பு இல்லைதான். ஆனால் கார்பனில் ஒன்று, நைட்ரஜனில் இரண்டு என்பது படிப்படியாகக் கூடுகிற கணக்கு, நைட்ரஜனில் மட்டும் திடீரென்று பிறந்த ஒன்று இல்லை. நியானிலும் அதே இரண்டுதான். சரிபாதி என்பது தனி இடங்கள் தீர்ந்துபோகும் எல்லை. அந்த எல்லையையே காரணமாகச் சொல்லிவிடுகிறோம், அதுதான் என் வருத்தம். இன்னொன்று: "ஆக்சிஜன் சரிபாதி நிலையை அடைய விரும்புகிறது, அதனால் எலக்ட்ரானை விடுகிறது" என்று விடைத்தாளில் நிறையப் பார்க்கிறேன். விடுவதற்கு 1314 கிலோஜூல் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். தானாக விடுவதே இல்லை.

அலைச்சார்பு | 8 ஜனவரி, இரவு 12.40

கணிப்பு வேதியியலில் வேலை செய்கிறேன். எண்கள் சரி, ஆனால் "விலகி நடப்பதால் ஆற்றல் குறைகிறது" என்ற வார்த்தைக்கு ஆட்சேபம். ஐந்து அலகுக் கணக்கு ஆர்பிட்டால்களின் அளவு மாறாது என்று வைத்துப் போட்டது. மாற விட்டுக் கணக்கிட்டால் கதை வேறு. ஹீலியத்தின் கிளர்வு நிலைகளில், ஒரே திசைச் சுழற்சி உள்ள நிலையில் எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம் உண்மையில் கூடுதலாகவே வருகிறது. ஒன்றையொன்று மறைப்பது குறைவதால் இரண்டும் அணுக்கருவை நோக்கி நெருங்குகின்றன, லாபம் முழுக்க அந்த ஈர்ப்பில். மூன்று பங்கு இது, இரண்டு பங்கு அது என்று பிரிப்பதே நாம் தேர்ந்த மாதிரியின் பிரிவு, அணுவுக்கு அது தெரியாது.

நிறமாலை | 8 ஜனவரி, காலை 6.20

ஹீலியத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலகின் மதிப்பை நான் கணக்கிலிருந்து எடுக்கவில்லை, அளந்த ஒளியிலிருந்து எடுத்தேன். ஆர்பிட்டால் சுருங்கினதும் அந்த ஒளியிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் வேண்டுமானால் நாம் சண்டை போடலாம்.

அலைச்சார்பு | 8 ஜனவரி, காலை 11.05

பெயரை வைத்துத்தானே மாணவர்கள் காரணத்தைப் புரிந்துகொள்கிறார்கள் சார். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூட்டல்கழித்தல் | 9 ஜனவரி, மாலை 4.30

மகனும் நானும் சேர்ந்து கீழ் வரிசைகளைப் பார்த்தோம். பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000, சரிவு 12. ஆர்செனிக் 947, செலினியம் 941, சரிவு 6. ஆன்டிமனி 834, தெல்லூரியம் 869, சரிவே இல்லை! அங்கே ஜோடி சேருவதற்குக் கட்டணம் கிடையாதா?

வரைதாள் | 9 ஜனவரி, இரவு 9.45

சரிவைப் பார்த்து ஏமாந்த ஆள் நான், அதனால் உடனே அடிக்கோலை எடுத்தேன். அலுமினியம் 578, சிலிக்கான் 787, பாஸ்பரஸ் 1012. படிகள் 209, 225. அடுத்தது 240 என்றால் கந்தகம் 1252, உண்மையில் 1000. இறக்கம் 250. ஆக்சிஜனின் 430-ஐவிடக் குறைவு, ஆனால் நிச்சயம் இருக்கிறது. 3p பெரிதாகப் பரந்திருப்பதால் எலக்ட்ரான்களுக்கு இடம் தாராளம், அலகும் சிறிது.

தெல்லூரியத்தில் அடிக்கோல் உதவவில்லை. இண்டியம் 558, வெள்ளீயம் 709, ஆன்டிமனி 834. படி 151, பிறகு 125. மேல் வரிசைகளில் படி கூடிக்கொண்டே போனது, இங்கே குறைகிறது. முதல் கோடே வளைந்த திசை மாறிவிட்டது, அதை நீட்டி எதை அளப்பது?

நிறமாலை | 10 ஜனவரி, காலை 6.10

அவ்வளவு கனமான அணுவில் எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். மூன்று p ஆர்பிட்டால்களும் சமம் என்று வைத்துத்தான் ஐந்து அலகு எண்ணினோம், அங்கே அவை சமமாக இல்லை. அடுத்த வரிசையில் ஈயம் 716, பிஸ்மத் 703. நைட்ரஜனின் குடும்பத்துப் பிஸ்மத்தே பள்ளத்தில் கிடக்கிறது. தெல்லூரியத்தில் எவ்வளவு இறக்கம் மிச்சம் என்று பிரித்துச் சொல்ல ஒற்றைக் கோடு போதாது. அலைச்சார்பு கணக்குப் போட்டுப் பார்த்தால் சொல்லட்டும்.

வரைதாள் | 12 ஜனவரி, இரவு 8.30

இன்று வகுப்பில் அந்தத் தாளையே ஒட்டினேன். பழைய வாக்கியத்தை எழுதவில்லை. 2s புள்ளிகளைத் தனி நிறத்தில், 2p-இன் முதல் மூன்றை இன்னொரு நிறத்தில், கடைசி மூன்றை வேறு நிறத்தில் போட்டுவிட்டு, அடிக்கோலை அந்த மாணவியின் கையில் கொடுத்தேன். முதல் கோட்டை ஆக்சிஜன் வரை நீட்டிப் புள்ளி வைத்தாள், கீழே உண்மையான புள்ளியைத் தொட்டாள், இரண்டுக்கும் நடுவே உள்ள கட்டங்களை எண்ணினாள். பிறகு ஃபுளூரினுக்கும் அதே மாதிரி நீட்டப் போனாள். கோடு தாளுக்கு மேலே போய்விட்டது. இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது, நாளைக்கு முதல் வகுப்பும் எனக்குத்தான்.